ஸ்பான்சர் கடிதம்: எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூலை பிறந்துவிட்டால் கோயம்புத்தூரில் அவினாசி சாலை, கணபதி, சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிற கம்பெனிகளுக்கு ஒரு வகை விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் துறைத் தலைவரின் சீல் குத்திய கடிதம். பெரும்பாலும் இரண்டு பேராக வருவார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார். துறையின் மாணவர் சங்கம் நடத்தும் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் கேட்டு வந்தவர்கள் இவர்கள்.

கடிதம் வரவேற்பு மேசையில் வாங்கி வைக்கப்படும். "சார் வந்ததும் கொடுத்துடறோம்" என்று பதில் வரும். அதோடு சரி. இப்படிப் பத்துக் கம்பெனி ஏறி இறங்கிய பிறகு, முதலாளிகளுக்கு மனசில்லை என்று மாணவர்கள் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உண்மையில்லை. இந்த ஊரில் கோயில் கும்பாபிஷேக நோட்டீஸில் உபயதாரர் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். சிக்கல் வேறு இடத்தில், கணக்குப் பிரிவில் இருக்கிறது. முதலாளி தலையசைத்த பிறகும் பணம் வராமல் போவது அங்கேதான்.

ஒரு நடுத்தர பம்ப் கம்பெனியில் வழக்கமாக நடக்கிற உரையாடல் இது. முதலாளி கடிதத்தைப் பார்த்துவிட்டு "கணக்குப்பிள்ளையைப் பாருங்க" என்று அனுப்பியிருப்பார்.

"அதெல்லாம் சரிங்க தம்பி. இதை எந்தக் கணக்குல எழுதறது?"

"ஸ்பான்சர்ஷிப்னு எழுதிக்கலாங்க சார்."

"நன்கொடையா, விளம்பரமா? நன்கொடைன்னா ட்ரஸ்ட் ரசீது வேணும். விளம்பரம்னா பில் வேணும். இந்தக் கடிதத்துல ரெண்டுக்கும் வழியில்லீங்களே. செக்கு யார் பேருக்குன்னுகூடப் போடலையே?"

மாணவர்கள் எழுதிக்கொண்டு போகும் கடிதத்தில் என்ன இருக்கிறது, இல்லாதது எது என்பதை இந்த ஒரு உரையாடலே சொல்லிவிடும். வழக்கமான கடிதத்தின் முதல் பத்தி கல்லூரி எந்த ஆண்டு தொடங்கப்பட்டது, எத்தனை ஏக்கர் வளாகம், என்னென்ன தரச் சான்று என்று ஓடும். இரண்டாவது பத்தியில் சங்கத்தின் குறிக்கோள் வரும். மூன்றாவதில் மாணவர்களின் திறமையை வெளிக்கொணரும் இந்த முயற்சிக்குத் தங்கள் மேலான ஆதரவை நாடுகிறோம் என்று இருக்கும். எவ்வளவு வேண்டும், எதற்கு, எந்தத் தேதிக்குள், கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பது இணைப்பில் உள்ள வண்ணப் புரோஷரில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும்.

அந்தப் புரோஷருக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சாரங்' (1996 வரை இதன் பெயர் 'மார்டி கிரா'), திருச்சி என்.ஐ.டி.யில் 1975 முதல் நடக்கும் 'ஃபெஸ்டெம்பர்' போன்ற விழாக்களுக்குப் பல மாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் மாணவர்கள் வருவார்கள். நாடு முழுக்க விற்கும் பிராண்டுகள் அங்கே பணம் போடுவதில் வியப்பில்லை. டைட்டில், பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்ற படிநிலை அந்த அளவு கூட்டத்துக்குப் பொருந்தும். முந்நூறு பேர் வரும் ஒரு துறை சிம்போசியத்துக்கு அதே அட்டவணையை அப்படியே எடுத்து, ஒரு சுழியை மட்டும் குறைத்து வைத்தால், அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சங்கத் தலைவராலேயே சொல்ல முடியாது.

தொகை வரவேண்டிய இடம் பட்ஜெட். இயந்திரப் பொறியியல் துறைச் சங்கம் ஒன்று ஒருநாள் சிம்போசியம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக் கல்லூரிகளிலிருந்து 300 பேர். அவர்களோடு தன்னார்வலர்கள், நடுவர்கள், ஆசிரியர்களும் சேர்ந்து 450 சாப்பாடு. ஒன்று 90 ரூபாய் என்றால் 40,500. பரிசுத் தொகை 40,000. ஃபைல், பேனா, அடையாள அட்டை, சான்றிதழ் அச்சுக்கு 35,000. மேடை, ஒலிபெருக்கிக்கு 20,000. சிறப்பு விருந்தினரின் பயணத்துக்கும் தங்கலுக்கும் 15,000. போட்டிகளுக்கான பொருள்களுக்கு 15,000. மொத்தம் 1,65,500 ரூபாய். தலைக்கு 200 வீதம் பதிவுக் கட்டணத்தில் 60,000 வரும், நிர்வாகம் 40,000 தரும். மிச்சம் 65,500. ஸ்பான்சர்களிடம் கேட்க வேண்டியது இந்த 65,500 மட்டுமே.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடிதம் தானாக மாறிவிடுகிறது. சாப்பாட்டுச் செலவில் மாலை டீயும் பிஸ்கட்டும் ஒரு பேக்கரி பொருளாகவே கொடுத்தால் முடிகிற விஷயம்; அவர்களிடம் பணம் கேட்கவே வேண்டாம். ஃபைலும் பேனாவும் ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் பெயரோடு வரலாம். பொருளாகக் கொடுப்பது சின்ன வியாபாரிக்குச் சுலபம். 5,000 ரூபாய் பணமாகக் கேட்டால் யோசிப்பவர், அதே மதிப்புக்குத் தன் கடைப் பண்டத்தைக் கொடுக்க அவ்வளவு யோசிக்க மாட்டார்; அவருக்கு அடக்க விலை அதைவிடக் குறைவு. இப்படிச் சிறியவற்றைக் கழித்த பிறகு நிற்கும் பெரிய துண்டுக்குத்தான் பம்ப் கம்பெனியின் கதவைத் தட்ட வேண்டும்.

தட்டும்போது அந்தக் கம்பெனிக்கு என்ன வேண்டும் என்று யோசித்திருக்க வேண்டும். மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனரில் லோகோ வருவதால் ஒரு பம்ப்பும் கூடுதலாக விற்கப் போவதில்லை. மூன்றாமாண்டு மாணவன் யாரும் போர்வெல்லுக்கு மோட்டார் வாங்குவதில்லை. அது முதலாளிக்கும் தெரியும். ஆனால் அவருக்கு வேறொரு தேவை உண்டு: கருவியைக் கையில் எடுக்கக் கூச்சப்படாத இளம் பொறியாளர்கள். வேலைக்கு எடுத்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்த பிறகு சென்னைக்கோ பெங்களூருக்கோ மென்பொருள் வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது இந்தத் தொழிலில் பழைய புலம்பல்.

ஆகவே லோகோவுக்குப் பதில் ஒரு போட்டியையே கம்பெனியின் பெயரில் நடத்திக் கொடுக்கலாம். அரைக் குதிரைத்திறன் மோனோபிளாக் பம்ப் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு பழுது முன்கூட்டியே வைக்கப்படும்: ஒன்றில் கெப்பாசிட்டர் வயர் கழன்றிருக்கும், இன்னொன்றில் மெக்கானிக்கல் சீல் தலைகீழாக மாட்டப்பட்டிருக்கும், மூன்றாவதில் இம்பெல்லரில் துணி சிக்கியிருக்கும், நான்காவதில் கேஸ்கட் இருக்காது. இருவர் கொண்ட அணி பிரித்து, பழுதைக் கண்டுபிடித்து, மாட்டி, ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பெனியின் சர்வீஸ் ஆள் நடுவர். யாருக்குக் கை வருகிறது, யார் ஸ்பேனரைத் தேடிக்கொண்டே நிற்கிறார் என்று இருபது நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். நேர்முகத் தேர்வில் தெரியாதது அது.

அப்படி எழுதும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: செப்டம்பர் 18 சிம்போசியத்தில் உங்கள் பெயரில் பம்ப் பழுதுநீக்கும் போட்டி – ரூ.25,000 விளம்பர ஆதரவு கேட்டு.

எங்கள் இயந்திரப் பொறியியல் துறை மாணவர் சங்கத்தின் ஒருநாள் சிம்போசியம் செப்டம்பர் 18, வெள்ளியன்று கல்லூரி வளாகத்தில் நடக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சுமார் 300 மாணவர்களை எதிர்பார்க்கிறோம். சென்ற ஆண்டு பதிவு செய்து வந்தவர்கள் 262 பேர்.

இதில் ஒரு போட்டியை உங்கள் கம்பெனியின் பெயரில் நடத்த விரும்புகிறோம். அதன் விவரம் அடுத்த பக்கத்தில் உள்ளது. இதற்கு நாங்கள் கேட்பது: ரூ.25,000, ஒரு நாள் பயன்பாட்டுக்கு நான்கு மோனோபிளாக் பம்ப்புகள், நடுவராக உங்கள் சர்வீஸ் பிரிவிலிருந்து ஒருவர். தொகையில் 15,000 அந்தப் போட்டியின் பரிசுக்கும் 10,000 சான்றிதழ் அச்சுக்கும் போகும்.

உங்களுக்கு நாங்கள் தருவது: போட்டியின் பெயரிலும் எல்லாச் சான்றிதழ்களிலும் உங்கள் கம்பெனியின் பெயர், அரங்க வாசலில் ஒரு ஸ்டால், தொடக்க விழாவில் ஐந்து நிமிடம் பேச வாய்ப்பு. வேறு எந்தப் பம்ப் கம்பெனியையும் இந்த ஆண்டு சேர்ப்பதில்லை.

தொகையைக் கல்லூரியின் பெயரில் காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்தலாம். கல்லூரியின் பேன் எண்ணுடன் பில் தருகிறோம். ஆகஸ்ட் 28-க்குள் உங்கள் முடிவு தெரிந்தால் சான்றிதழ் அச்சில் பெயரைச் சேர்க்க வசதியாக இருக்கும். வரும் புதன் காலை நேரில் வந்து பார்க்கிறோம்."

கீழே சங்கச் செயலாளரின் கையெழுத்தோடு ஆசிரியர் ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்தும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கம்பெனி முதலில் அழைப்பது ஆசிரியரைத்தான். ஏதோ ஒரு கல்லூரியின் பெயரில் ஏதோ இரண்டு பையன்கள் வசூல் செய்துகொண்டு போன கதை எல்லாத் தொழிற்பேட்டையிலும் ஒன்றாவது உண்டு.

கடிதத்தில் கல்லூரியின் வரலாறு இல்லை என்பதைக் கவனிக்கலாம். உள்ளூர்க் கம்பெனிக்கு உள்ளூர்க் கல்லூரியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை; முதலாளியின் மகளே அங்கே படித்திருக்கலாம். கடிதம் தமிழில் இருக்கலாமா என்று மாணவர்கள் தயங்குவார்கள். பவுண்டரி வைத்திருக்கும் ஒருவருக்குத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிய கடிதம், அகராதியைப் புரட்டி எழுதிய நான்கு பக்க ஆங்கிலக் கடிதத்தைவிடச் சீக்கிரம் படிக்கப்படும். பெரிய கம்பெனியின் கிளை அலுவலகம் என்றால் நிலைமை வேறு. அங்கே கடிதம் தலைமையகத்துக்குப் போக வேண்டியிருக்கும், ஆங்கிலம்தான் செல்லும்.

இனி கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு வரலாம். பேனரிலும் சான்றிதழிலும் பெயர் போடுவதற்காகத் தரும் பணம் வருமான வரித்துறையின் கண்ணில் விளம்பரச் செலவு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995 ஆகஸ்டில் வெளியிட்ட 715-ஆம் எண் சுற்றறிக்கையில் இந்தக் கேள்வியே இருக்கிறது: கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் நடக்கும் விவாதங்கள், கருத்தரங்குகளில் பேனர் வைத்து விளம்பரம் பெறுவதற்காக ஸ்பான்சர் செய்தால் வரி பிடிக்க வேண்டுமா? வேண்டும், அந்த ஒப்பந்தம் சாராம்சத்தில் விளம்பர வேலைக்கான ஒப்பந்தமே என்பது பதில். முப்பது வருஷத்துக்கு முன்பே கணக்குப்பிள்ளைகள் இதைக் கேட்டிருக்கிறார்கள்.

நடைமுறையில் இதன் பொருள்: ஒரே தடவை தரும் தொகை 30,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும். கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்குத் தருவதானால் பிடிப்பது 2 சதவீதம். 50,000 பேசி முடித்தால் வங்கியில் 49,000 விழும். "ஆயிரம் ரூபாய் குறைச்சுட்டாங்க" என்று சங்கப் பொருளாளர் பதறத் தேவையில்லை. அது கல்லூரியின் வரிக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஆனால் பேன் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். கடிதத்திலேயே பேன் எண்ணைப் பற்றிச் சொல்வது இதற்குத்தான். நம்முடைய உதாரணத்தில் 25,000 கேட்டது தற்செயல் இல்லை.

ஜி.எஸ்.டி. இன்னொரு முடிச்சு. ஸ்பான்சர்ஷிப்புக்கு 18 சதவீத வரி உண்டு. பிரைவேட் லிமிடெட் கம்பெனியோ பங்குதாரர் நிறுவனமோ ஸ்பான்சர் செய்யும்போது, வாங்குகிற கல்லூரி அறக்கட்டளை வசூலித்துக் கட்டுவதற்குப் பதில், கொடுக்கிற கம்பெனியே அரசுக்கு நேராகக் கட்டுகிற முறை இருக்கிறது. 25,000-க்கு அது 4,500. இதை முன்கூட்டி அறியாத மாணவர்கள், கம்பெனி 'வரியும் சேர்த்துப் பார்த்தால் கட்டுப்படியாகாது' என்று சொல்லும்போது விழிப்பார்கள். அந்தத் தொகையைக் கம்பெனி தன் மற்ற வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு; அதைப் பேச வேண்டியது மாணவர் அல்ல, கல்லூரியின் கணக்கு அலுவலர். பில்லும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். தனி முதலாளி நடத்தும் கடை என்றால் இந்த முறை பொருந்தாது என்பதையும் அவரே சொல்வார்.

ரொக்கமாகக் கொடுத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று தோன்றும். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கம்பெனி அதைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது என்பது வருமான வரி விதி. அதைவிட மோசம் சங்கச் செயலாளரின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்வது. பணம் சரியாகவே செலவானாலும் கம்பெனியின் புத்தகத்தில் அது ஒரு மாணவனுக்குக் கொடுத்த பணமாக நிற்கும். அடுத்த வருஷம் அந்தக் கதவு திறக்காது.

கடிதங்களில் அடிக்கடி தென்படும் இன்னொரு வரி, "தங்கள் சி.எஸ்.ஆர். நிதியிலிருந்து வழங்குமாறு" என்பது. கேட்பதற்குக் கௌரவமாக இருக்கும். இரண்டு காரணத்தால் பலிக்காது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனிகளுக்குத்தான் அந்தக் கடமை. கணபதியில் நாற்பது பேரை வைத்து லேத் ஓட்டும் பட்டறைக்கு அது பெரும்பாலும் இல்லை. கடமை உள்ள கம்பெனியாகவே இருந்தாலும், தன் பொருளுக்கு விளம்பரப் பலன் கிடைக்கும்படி ஸ்பான்சர் செய்வதை சி.எஸ்.ஆரில் சேர்க்கக் கூடாது என்று 2021-ல் திருத்திய விதி வெளிப்படையாகவே சொல்கிறது. சி.எஸ்.ஆர். என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே பேனரில் லோகோ போடுவோம் என்றும் எழுதினால், விஷயம் தெரிந்தவர் அந்த இடத்திலேயே கடிதத்தை மூடிவிடுவார்.

வாக்குறுதிகளிலும் அளவு வேண்டும். மூவாயிரம் பேர் வருவார்கள் என்று எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. முதலாளி கேட்பது ஒரே கேள்வி: "உங்க ஆடிட்டோரியத்துல எத்தனை சீட்டுங்க?" சென்ற ஆண்டின் வருகைக் கணக்கு 262 என்று எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உருண்டையாக இல்லாத எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை; கேட்டால் பதிவேட்டைக் காட்டவும் முடியும்.

கல்லூரிக்கு வெளியே சாலையில் பேனர் வைப்போம் என்று எழுதுவது இன்னொரு ஆபத்து. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்த பிறகு, அனுமதியில்லாத பேனர் விஷயத்தில் உயர் நீதிமன்றம் காட்டிய கண்டிப்பு எல்லாருக்கும் நினைவிருக்கும். அனுமதி வாங்கித் தரும் அதிகாரம் மாணவர் சங்கத்துக்குக் கிடையாது. கொடுக்க முடியாததைக் கொடுப்பதாக எழுதினால், கம்பெனியின் பெயரைத் தாங்கிய பேனரை மாநகராட்சி ஊழியர் அவிழ்த்து லாரியில் ஏற்றும் காட்சியை அந்தக் கம்பெனிக்காரரே பார்க்க நேரும். வளாகத்துக்குள் வைப்பதை மட்டும் சொல்வது நல்லது.

அதைவிட நுணுக்கமான ஒரு பேரம் உண்டு. கேட்ட உடனே பணம் தர முன்வருபவர்கள் பெரும்பாலும் பம்ப் கம்பெனிகளோ பவுண்டரிகளோ அல்ல. வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்களும் நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களும்தான். பதிலுக்கு அவர்கள் கேட்பது பேனர் அல்ல, பதிவு செய்த மாணவர்களின் பெயர், துறை, கைபேசி எண் பட்டியல். "ஒரு எக்செல் ஷீட்டுதானே தம்பி" என்பார்கள். அது சங்கத்தின் சொத்தல்ல. ஒருவர் ஒரு நிகழ்ச்சிக்காகக் கொடுத்த விவரத்தை அவருடைய சம்மதமில்லாமல் வேறு காரியத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. சட்டத்தை விட்டாலும், சிம்போசியத்துக்கு வந்த பாவத்துக்கு ஆறு மாதம் அழைப்புத் தொல்லை அனுபவித்த மாணவன் அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரிப் பக்கம் வரமாட்டான். இத்தகைய மையங்களுக்கு ஒரு ஸ்டால் கொடுத்து, விருப்பமுள்ளவர்கள் அவர்களிடமே எண்ணைக் கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். அதற்கும் பணம் தருகிறவர்கள் உண்டு. தராதவர்கள் பட்டியலுக்காக மட்டுமே வந்தவர்கள். புகையிலைப் பொருள் விற்பவர் என்றால் பேச்சுக்கே இடமில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய ஸ்பான்சர்ஷிப்பைத் தடை செய்கிறது.

எப்போது போவது என்பதிலும் ஊர் நடப்பைப் பார்க்க வேண்டும். செப்டம்பர் நிகழ்ச்சிக்கு ஜூலைக் கடைசியில் போனால் ஏழு வாரம் கையில் இருக்கும். பல கம்பெனிகளில் செக் எழுதுவது வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் சனிக்கிழமை. அந்த வாரம் தவறினால் அடுத்த வாரம். தீபாவளிக்கு முந்தைய மாதம் போனஸ் பேச்சில் முதலாளிகள் தலை நிமிர மாட்டார்கள். மார்ச்சில் கணக்கு முடிப்பு. பிப்ரவரியில் கல்ச்சுரல்ஸ் வைத்திருப்பவர்கள் பொங்கலுக்கு முன்பே கடிதத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அதே வாரத்தில் அதே கல்லூரியின் மின்னியல் துறைச் சங்கமும் அதே கம்பெனிக்குப் போயிருக்கும். இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. "போன வாரந்தானே உங்க காலேஜ்ல இருந்து வந்தாங்க?" என்று கேட்கும்போது, அவர்கள் யார் என்று தெரியாமல் நிற்பது பரிதாபமாக இருக்கும். எந்தத் துறை எந்தக் கம்பெனிக்குப் போகிறது என்று கல்லூரி அளவில் ஒரு பட்டியல் வைத்தால் தீரும். அதைவிட அவமானமான இன்னொன்று: ஒரே கடிதத்தை முப்பது கம்பெனிக்கு மாற்றி மாற்றி அச்செடுக்கும்போது, ஏதோ ஒரு கடிதத்தின் மூன்றாவது பத்தியில் போட்டிக் கம்பெனியின் பெயர் அப்படியே இருந்துவிடும். மேலே முகவரி சரியாக இருக்கும், உள்ளே எதிரியின் புகழ் பாடியிருக்கும். முப்பது கடிதத்துக்குப் பதில் எட்டுக் கடிதம் கையால் எழுதியதுபோல எழுதினால் இந்த விபத்து நடக்காது.

ஒப்புக்கொண்ட பிறகு வருவது லோகோ. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கி எட்டடி பேனரில் அச்சிட்டால் ஓரங்கள் பிசிறிப்போய், எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும். பணம் கொடுத்தவர் மேடைக்கு வந்து முதலில் பார்ப்பது அதைத்தான். கம்பெனியின் கேட்லாக் அச்சடிக்கும் அச்சகத்தில் கோரல்டிரா கோப்பு இருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும். நிறமும் எழுத்தும் சரியா என்று ஒரு மாதிரி எடுத்துக் காட்டி, "சரி" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. கூடவே, அச்சுக்குப் போகும் முன்பே பணம் வந்துவிட வேண்டும். நிகழ்ச்சி முடிந்து தருகிறோம் என்றவர்களிடம் நவம்பர் வரை நடந்த பொருளாளர்கள் நிறையப் பேர். அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. நிகழ்ச்சி முடிந்தபின் அந்தச் செக்கை எழுத அவசரம் யாருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

நிகழ்ச்சிக்குப் பிறகு பத்து நாளுக்குள் கம்பெனிக்கு ஒரு உறை போக வேண்டும். கல்லூரியின் பில், வங்கி வழி வந்ததற்கான ரசீது, கம்பெனியின் பெயர் தெரியும்படி எடுத்த நான்கைந்து படங்கள், ஒரு சான்றிதழ் நகல், உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண். 300 எதிர்பார்த்து 240 வந்திருந்தால் 240 என்றே எழுத வேண்டும். பம்ப் போட்டியில் முதல் மூன்று இடம் வந்த அணிகளின் பெயரையும் கல்லூரியையும், அவர்கள் சம்மதம் வாங்கிச் சேர்க்கலாம். முதலாளி இந்த உறையில் முதலில் படிப்பது அதுவாகத்தான் இருக்கும். நான்கு பம்ப்புகளும் எல்லா உதிரிகளோடும் திரும்பி வந்துவிட்டன என்று ஸ்டோர்ஸில் வாங்கிய கையெழுத்தின் நகலும் அதோடு போகட்டும். ஒரு கேஸ்கட் குறைந்தால்கூட அந்தப் பேச்சு மூன்று வருஷத்துக்கு ஓடும்.

இதன் இன்னொரு பிரதி ஆசிரியர் ஒருங்கிணைப்பாளரின் பீரோவில் இருக்க வேண்டும். சங்க நிர்வாகிகள் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறார்கள். செயலாளர் படிப்பை முடித்துப் போகும்போது அவருடைய கைபேசியோடு கம்பெனி எண்களும் போய்விடுகின்றன. அடுத்த ஜூலையில் வரும் புதியவர்கள் அதே கம்பெனிக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியில் "சென்ற ஆண்டு உங்கள் பெயரில் நடந்த பம்ப் போட்டியில் 22 அணிகள் கலந்துகொண்டன" என்று எழுத முடிந்தால், கணக்குப்பிள்ளை பழைய வவுச்சரைத் தேடி எடுத்துக்கொண்டு, இந்தத் தடவை தொகை எவ்வளவு என்று மட்டும்தான் கேட்பார்.